துடைப்பதற்கு முன் இருபது, முப்பது நிமிடம்

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடம். வார்டுகளிலிருந்து மாதிரிகள் வந்து குவியும் காலை நேரம். ரேக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பிய பயிற்சி மாணவரின் முழங்கை மேசை விளிம்பில் இடித்தது. கண்ணாடிக் குழாய் ஒன்று தரையில் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தது ஐந்து மில்லி ரத்தம்தான். தரையில் சிதறியபோது அது ஒரு கை அகலத்துக்குப் படர்ந்து, துளிகள் நாற்காலிக் கால்கள் வரை போயிருந்தன.

மாணவர் உடனே பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். "தொடாதே தம்பி, அப்படியே நில்லு" என்றார் மூத்த டெக்னீஷியன் அக்கா. முதலில் அவர் பார்த்தது தரையை அல்ல, மாணவரின் கைகளையும் செருப்பையும்தான். கீறல் இல்லை, பாதத்தில் துளி படவில்லை என்று தெரிந்த பிறகு அவரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு ஸ்டூல்களைக் குறுக்கே போட்டு வழியை மறித்தார். தெறித்த துளிகளை யாரும் மிதித்துக் கூடம் முழுக்கக் கொண்டுபோய்விடக் கூடாது.

கனமான ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, பிளாஸ்டிக் ஏப்ரன், மூடிய காலணி. இவ்வளவையும் அணிந்த பிறகே அவர் அருகில் போனார். ரத்தத்தின் மேல் உறிஞ்சும் தாளை அடுக்கி மூடினார். பிறகு ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றினார். நடுவில் தொடங்கினால் ரத்தம் வெளிப்பக்கம் ஒழுகிப் பரவும். உயரத்திலிருந்து ஊற்றினால் தெறிக்கும்.

அந்தக் கரைசலை அன்று காலையில்தான் கலந்திருந்தார்கள். கேனில் இருப்பது ஐந்து சதவீதம் என்றால் 200 மில்லிக்கு 800 மில்லி தண்ணீர். பாட்டிலில் தேதியும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தது. ஹைப்போ நாளாக நாளாக வீரியம் இழக்கும், வெளிச்சமும் சூடும் பட்டால் இன்னும் வேகமாக. அதனால்தான் முந்தைய நாள் மிச்சத்தை இங்கே கொட்டிவிடுகிறார்கள். பல இடங்களில் பழைய கரைசல் வாசனை அடிக்கிறதே என்று நம்பிப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். வாசனை இருப்பதால் வீரியம் இருக்கிறது என்று சொல்ல முடியாது.

"இப்போ துடைச்சிடலாமா அக்கா?" என்று மாணவர் கேட்டார். கடிகாரத்தைப் பார்த்த அக்கா, இருபது முதல் முப்பது நிமிடம் ஆக வேண்டும் என்றார். ரத்தத்தில் உள்ள புரதம் குளோரினைத் தின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் குளோரின் கிருமியை அடைந்து அழிக்க அவகாசம் வேண்டும். ஊற்றிய மறுநிமிடமே துடைத்தால், உயிருள்ள கிருமியைத்தான் துணியில் ஏற்றிக்கொள்வோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள் வரை உயிரோடிருக்கக்கூடியது என்பதால், 'காய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை' என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

நேரம் ஆனதும் கண்ணாடிச் சில்லுகளை இடுக்கியால் எடுத்து, குத்திக் கிழிக்க முடியாத நீலக்குறிப் பெட்டியில் போட்டார். கையுறை எத்தனை தடிமனாக இருந்தாலும் சில்லைக் கையால் எடுக்கக் கூடாது. நனைந்த தாள்கள் மஞ்சள் பைக்குப் போயின. பிறகு டார்ச் அடித்து நாற்காலிக் கால்கள், மேசையின் அடிப்பகுதி, சுவர் என்று தேடினார். மேசைக் காலின் உட்பக்கத்தில் மூன்று துளிகள் அகப்பட்டன. அவற்றுக்கும் அதே ஹைப்போ, அதே காத்திருப்பு. கடைசியாகத்தான் சோப்புத் தண்ணீரில் தரையைக் கழுவினார்கள்.

இதே குழாய் சென்ட்ரிஃபியூஜுக்குள் உடைந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அக்காவின் முகம் இறுகியது. "அதுதான் சார் மோசம். தரையில விழுந்தா கண்ணுக்குத் தெரியும்." சுழலும்போது குழாய் உடைந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகக் காற்றில் மிதக்கும். மூடியைத் திறந்தால் அது நேராக மூச்சில் ஏறும். எனவே மின்சாரத்தை அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் முப்பது நிமிடம் விட வேண்டும். உள்ளே உலோகப் பாகங்கள் இருப்பதால், ஹைப்போ பட்டால் அரிக்கும். பட்டுவிட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். சளி மாதிரி சிந்தினால் இங்கே ஹைப்போவுக்குப் பதில் ஐந்து சதவீத பீனாலைப் பயன்படுத்துகிறார்கள்.

அக்கா கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துப் போட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, பதிவேட்டில் நேரம், இடம், உடைந்த குழாயின் எண் மூன்றையும் எழுதினார். நாளைக்கு மாணவரின் உடம்பில் ஒரு கீறல் தென்பட்டால், சிந்தியது யாருடைய ரத்தம் என்று தேடிப் பிடிக்க அந்த எண்தான் உதவும். பிறகு போனை எடுத்து, அந்த நோயாளிக்கு மறுபடியும் ரத்தம் எடுத்து அனுப்பும்படி வார்டுக்குச் சொன்னார்.