காதுக்குள்ளே போகலைன்னா சேஃப்பா?

உங்க காலேஜ் பஸ்லயும் இப்படி ரெண்டு கட்சி இருக்கும். ஒரு கட்சி, காதை முழுசா மூடுற நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் கட்சி. இன்னொன்னு, காதுக்கு முன்னாடி கன்னத்து எலும்புல ஒட்டிக்கிற போன் கண்டக்‌ஷன் கட்சி. என் பக்கத்து சீட்டுக்காரன் ரெண்டாவது கட்சி. "காதுக்குள்ளே எதுவுமே போகலை மச்சி, செவிப்பறையைத் தொடவே இல்லை. இதுதான் காதுக்கு நல்லது" என்பது அவன் வாதம். ஒரு நாள் தாம்பரத்தில் இறங்கி நடக்கும்போது அவனே கேட்டான்: "பஸ் இறங்கினப்புறமும் கொஞ்ச நேரம் காதுல 'கொய்ங்'னு ஒரு சத்தம் வருதே, உனக்கும் வருமா?"

எனக்கு வரலை. ஆனா அந்தக் கேள்விக்குப் பிறகு இதைச் சும்மா விட முடியலை. நீங்களும் தினமும் ரெண்டரை மணி நேரம் பஸ்ல பாட்டு கேட்கிற ஆளா இருந்தா, கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல, சத்தம் காதில் எந்த இடத்தைக் கெடுக்குதுன்னு பார்த்துடலாம். செவிப்பறை பாவம், பெரும்பாலும் அதுக்கு ஒண்ணும் ஆகிறதில்லை. அடி வாங்குறது உள்ளே இருக்கிற காக்ளியா. நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் அந்தக் குழாய்க்குள்ளே இருக்கிற நுண்ணிய மயிர்ச்செல்கள்தான் அதிர்வை நரம்புக்கான சிக்னலா மாத்துது. அதிகச் சத்தத்தில் ரொம்ப நேரம் இருந்தா அந்தச் செல்கள் சாகும். செத்தா மறுபடி முளைக்காது.

சாதாரண இயர்போன்ல ஒலி, காற்று வழியா செவிப்பறையைத் தட்டி, மூணு குட்டி எலும்புகளைத் தாண்டி காக்ளியாவுக்குப் போகுது. போன் கண்டக்‌ஷன்ல மண்டை எலும்பு வழியா அதே காக்ளியாவுக்குப் போகுது. வழிதான் வேற, சேருமிடம் ஒண்ணு. ஒரே அளவு சத்தமா உங்களுக்குக் கேட்டா, காக்ளியாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு வேலைதான். அதனால "செவிப்பறையைத் தொடலை" என்பது உண்மை. "அதனால் பாதுகாப்பு" என்பது அந்த உண்மையிலிருந்து வராது.

அப்போ வித்தியாசம் எங்கே? பஸ் சத்தத்தில். அதை ஒரு கணக்கா போட்டுப் பார்ப்போம்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து ஒரு வரம்பு சொல்லியிருக்காங்க: பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83ன்னா 20 மணி, 86ன்னா 10 மணி. டெசிபல் லாக் ஸ்கேல் என்பதால், 3 ஏறினா சக்தி ரெண்டு மடங்கு. அதான் நேரம் பாதி.

எங்க பஸ் போக 75 நிமிஷம், வர 75 நிமிஷம். ஆறு நாள் காலேஜ். வாரத்துக்கு 15 மணி நேரம். நடு சீட்ல உட்கார்ந்து போன் ஆப்ல அளந்தப்போ சராசரியா 79 டெசிபல் காட்டுச்சு. போன் மைக் துல்லியம் இல்லை, ஒண்ணு ரெண்டு முன்ன பின்ன இருக்கும், கணக்குக்குப் போதும்.

போன் கண்டக்‌ஷன்ல காது திறந்தே இருக்கு. 79 டெசிபல் இன்ஜின் சத்தம் நேரா உள்ளே வருது. அதுக்கு நடுவில் பாட்டு வரி தெளிவா கேட்க, ஒரு 7 டெசிபல் மேலே வச்சிருக்கோம்னு எடுத்துக்கோங்க. 79 + 7 = 86. அந்த அளவுக்கு அனுமதி வாரம் 10 மணி நேரம். நம்ம பயணம் 15. பாட்டு மட்டுமே வரம்பில் 150 சதவீதம். திறந்த காதில் விழும் பஸ் சத்தத்தையும் சேர்த்தா 180 சதவீதத்துக்குப் போகுது.

அதே சீட், அதே பாட்டு, நாய்ஸ் கேன்சலிங். வெளிப்பக்க மைக், வர்ற சத்தத்தைக் கேட்டு அதுக்கு நேர் எதிர் அலையை உண்டாக்கி ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அழிக்குது. (இங்கே சிலர், "அது இன்னொரு சத்தத்தைச் சேர்க்குதே, காதுக்கு டபுள் அடி இல்லையா?"ன்னு கேட்பாங்க. இல்லை. அலைகள் கூடி குறையுது. காதுக்கு வந்து சேர்றது மிச்சம் மட்டும்தான்.) இது தாழ்ந்த அதிர்வெண் சத்தத்தில் நல்லா வேலை செய்யும். பஸ் இன்ஜின் உறுமல் பெரும்பாலும் அதுதான். 15 டெசிபல் குறைஞ்சதுன்னு வச்சுக்கிட்டா மிச்சம் 64. 7 சேர்த்தா 71. "இல்ல, எனக்கு இன்னும் சத்தமா வேணும்"னு 77 வரை ஏத்தினாலும் அனுமதி வாரம் 80 மணி நேரம். 15 மணி அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆனா ஹெட்போன் வாங்கினதாலேயே இந்த லாபம் வந்துடாது. ரெண்டு விஷயம் கெடுக்கும். ஒண்ணு, சீல். கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கினாலோ, இயர்பட் ரப்பர் உங்க காதுக்குச் சின்னதா இருந்தாலோ, இன்ஜின் சத்தம் அந்த இடைவெளியில் நுழைஞ்சுடும். பெட்டியில் வர்ற மூணு சைஸ் ரப்பரையும் ஓடுற பஸ்ல மாட்டிப் பாருங்க. உறுமல் சட்டுனு அடங்குறதுதான் உங்க சைஸ். இன்னொண்ணு, பழைய வால்யூமிலேயே விடுறது. சத்தம் குறைஞ்ச பிறகும் கை பழக்கத்தில் அதே லெவல்ல இருந்தா, ஒரு டெசிபல் கூட மிச்சமாகலை.

உங்களுக்கு எப்படின்னு தெரிஞ்சுக்க ஒரு வழி: ராத்திரி அமைதியான ரூம்ல, பாட்டு வசதியா கேட்கிற வால்யூம் எத்தனையாவது படின்னு குறிச்சுக்கோங்க. மறுநாள் பஸ்ல அதே பாட்டு எத்தனையாவது படியில் இருக்குன்னு பாருங்க. என் சீட்டுக்காரனுக்கு ரூம்ல 6, பஸ்ல 14. எனக்கு 6, 7. அந்த இடைவெளிதான் பஸ் உங்க காதில் வசூலிக்கிற கட்டணம். போன் கண்டக்‌ஷன்காரங்க போன்ல வர்ற ஹெட்போன் டெசிபல் மீட்டரை நம்பாதீங்க. அது காற்று வழி ஒலிக்கான மதிப்பீடு, எலும்பு வழியை அதுக்குத் தெரியாது.

அவன் கிட்ட இன்னொரு சோதனையும் செய்யச் சொன்னேன். பாட்டு ஓடும்போது ரெண்டு விரலால் காதை மூடினா, பாட்டு குறையாம கூடுது, பேஸ் திம்முனு ஏறுது. காரணம், காதுக்குழாய்ச் சுவரும் அதிருது. வெளியே தப்பிப்போக வேண்டிய ஒலி உள்ளேயே மாட்டிக்குது. அதனால பஸ்ல நுரை இயர்பிளக் மாட்டிக்கிட்டு போன் கண்டக்‌ஷன் கேட்டா, வெளிச்சத்தமும் குறையும், வால்யூமையும் நல்லாவே இறக்கலாம். இருக்கிற செட்டை வச்சே சமாளிக்க அவனுக்கு இது போதும்.

போன் கண்டக்‌ஷன் வேஸ்ட்னு சொல்ல வரலை. காதுல சீழ், அரிப்புன்னு எதையும் உள்ளே வைக்கக் கூடாத ஆளுக்கு அது நல்ல வழி. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ரோட்டோரம் நடக்கும்போது பின்னாடி வர்ற லாரி ஹாரன் கேட்கணும்; அங்கே நாய்ஸ் கேன்சலிங்தான் ஆபத்து. இறங்கும்போது அதைக் கழட்டிடுங்க, இல்லை டிரான்ஸ்பரன்சி மோடுக்கு மாத்துங்க. ஆனா இரைச்சலான பஸ்ல, மூடாத காதோட, மணிக்கணக்கில் கேட்கிறதுக்கு அது ஏற்றதில்லை.

இறங்கினதும் 'கொய்ங்', இல்லேன்னா பஞ்சு வச்ச மாதிரி மந்தம் இருந்தா, அன்னிக்கு வரம்பு தாண்டியாச்சுன்னு அர்த்தம். மறுநாளும் போகலைன்னா இ.என்.டி. டாக்டரைப் பார்த்து ஆடியோகிராம் எடுத்துடுங்க. இரைச்சல் பாதிப்பு பொதுவா 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமா முதல்ல தெரியும். பேச்சு நல்லா கேட்கிற மாதிரியே இருக்கும் காலத்திலேயே அது வரைபடத்தில் வந்துடும். அவன் அடுத்த சனிக்கிழமைக்கு அப்பாயிண்ட்மெண்ட் வாங்கியிருக்கான். அதுவரைக்கும் பஸ்ல வால்யூம் 8ஐத் தாண்டாது, இயர்பிளக்கோடதான்.