சுருக்கத்தில் நிற்க வேண்டிய காக்கை

கருத்தரங்கத் தொகுப்புக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சுருக்கத்துக்கு 150 சொல்தான் இடம். அதில் முதல் நாற்பது சொல், சங்க இலக்கியம் தமிழரின் வாழ்வைக் காட்டும் கண்ணாடி என்பதிலேயே போய்விடுகிறது. அடுத்த நாற்பது சொல்லில் தலைப்பே நீட்டி எழுதப்பட்டிருக்கும். மீதியில் முதல் பகுதி எதைச் சொல்கிறது, இரண்டாம் பகுதி எதைச் சொல்கிறது என்ற அடுக்கு. கடைசியில் “இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது” என்று முடியும். ஆராய்ந்து என்ன கண்டார் என்பது மட்டும் இருக்காது. கட்டுரைக்குள் அது நிச்சயம் இருக்கும். பல சமயம் நல்ல முடிவாகவே இருக்கும். அதனால்தான் மனம் பதைக்கிறது.

இதை ஒரு மாணவியின் கட்டுரையை வைத்துச் சொன்னால் தெளிவாகும். அவர் எடுத்துக்கொண்டது ஐங்குறுநூற்றின் சிறுவெண்காக்கைப் பத்து. நெய்தல் பகுதியில் அம்மூவனார் பாடிய 161 முதல் 170 வரையுள்ள பாடல்கள். பத்துப் பாடல்களுக்கும் முதலடி ஒன்றே. பெருங்கடல் கரையில் இருக்கும் சிறிய வெண்காக்கை என்ற செய்திதான் அது. அதற்குப் பிறகு அந்தக் காக்கை என்ன செய்கிறது என்பதுதான் பாட்டுக்குப் பாட்டு மாறும். அதைத் தொட்டுக்கொண்டு தலைவனைப் பற்றியோ தலைவியின் நிலையைப் பற்றியோ ஒரு பேச்சு வந்து பாட்டு முடிந்துவிடும்.

அவர் எழுதி வந்த சுருக்கத்தில் “ஐங்குறுநூற்றில் பறவைகள் உள்ளுறைப் பொருளை உணர்த்தப் பயன்படுகின்றன” என்ற வரிதான் மையம். நான் அவரிடம், “இதில் ஐங்குறுநூற்றை எடுத்துவிட்டுக் குறுந்தொகையைப் போட்டுப் பாரும்மா” என்றேன். போட்டுப் பார்த்துவிட்டு, “அப்பவும் சரியாத்தான் சார் இருக்கு” என்றார். நூலின் பெயரை மாற்றிய பிறகும் ஒரு வாக்கியம் சரியாக இருந்தால் அது அந்தக் கட்டுரைக்கு உரியதல்ல. ஒவ்வொரு வாக்கியத்தையும் இப்படிச் சோதித்தபோது அந்தச் சுருக்கத்தில் மிஞ்சியது பாடல் எண்கள் மட்டும்தான்.

ஆகவே சுருக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு அவருடைய குறிப்பேட்டைத் திறந்தோம். பாடல் எண், காக்கையின் செயல், பாடல் முடியும் இடம் என்று மூன்று பத்தி போட்டு எழுதியிருந்தார். 164, 165, 167-இல் காக்கை மீன் உண்கிறது. 161, 169-இல் புன்னையில் தங்குகிறது. 163-இல் கழி நீரின் ஒலி கேட்டபடி தூங்குகிறது. 162-இல் இரை தேடி உண்டு சோலையில் அடைகிறது. 166-இல் எதையோ வலை என்று நினைத்து அஞ்சுகிறது. 168-இல் துறையில் கிடக்கும் தோணியின் உள்ளே முட்டையிடுகிறது. 170-இல் நெய்தல் பூவைச் சிதைக்கிறது. மூன்றாம் பத்தியில் பெரும்பாலும் துயரம்தான்: நெஞ்சு நோகிறது, அலர் எழுகிறது, வளை கழல்கிறது, கண் பசக்கிறது. 168 மட்டும் தனியாக நிற்கிறது. தலைவன் அருளினால் இவள் பால் உண்பாள் என்று தோழி சொல்கிறாள். காக்கை குஞ்சுக்கு வழி செய்யும் பாட்டில்தான் தலைவியின் வாழ்வுக்கும் வழி திறக்கிறது. கட்டுரையின் ஒன்பதாம் பக்கத்தில் இது ஒரு வரியாகக் கிடந்தது. சுருக்கத்தில் அந்த வாடையே இல்லை.

அடுத்த சிக்கல் அளவு. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அவர் “காக்கையின் செயலே தலைவியின் நிலையை முடிவு செய்கிறது” என்று எழுதினார். அவருடைய குறிப்பேடே அதை மறுக்கிறது. 163-இல் காக்கை உறங்குகிறது, 165-இல் உண்கிறது. இரண்டிலும் போவது தலைவியின் வளைதான். செயல் வேறு, விளைவு ஒன்று. ஆகவே இன்ன செயலுக்கு இன்ன பொருள் என்று வாய்பாடு போட முடியாது. இதைச் சுருக்கத்தில் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எல்லை சொல்லாத முடிவை விவரம் தெரிந்தவர் நம்பமாட்டார். எல்லையையும் சேர்த்துச் சொன்னால் கட்டுரையைத் தேடிப் படிப்பார்.

பிறகு ‘ஒரே’ என்ற சொல். நன்மையைப் பேசும் ஒரே பாடல் 168 என்று எழுதியிருந்தார். 166-இன் முடிவில் தலைவனை நம்பியதால் இவள் கண்கள் நல்லவாயின என்று வருகிறதே? அது தலைவனைக் குத்திக்காட்டும் பேச்சு, உண்மையில் கண்கள் அழகிழந்தன என்பதே பொருள். ஆனாலும் மேலோட்டமாகப் பார்க்கும் ஒருவர் 166-ஐ எடுத்துக் காட்டி வாதத்தைச் சாய்த்துவிடலாம். “இனி வரப்போகும் நன்மையைச் சொல்லும் ஒரே பாடல்” என்று மாற்றினார். இரண்டு சொல் கூடியது. இனி அந்த வரியை யாரும் அசைக்க முடியாது. இதைப் போலத்தான் ஐங்குறுநூற்றின் 500 பாடல்களையும் ஆராய்ந்ததாக எழுதுகிறவர்கள், 129-ம் 130-ம் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கடைசியில் அவர் கொடுத்த சுருக்கம் இது:

“ஐங்குறுநூற்றுச் சிறுவெண்காக்கைப் பத்தின் (161–170) பாடல்கள் ஒரே அடியில் தொடங்குகின்றன, அதன்பின் காக்கையின் செயல் மாறுகிறது. இக்கட்டுரை அச்செயல்களைப் பாடல்களின் முடிவோடு ஒப்பிடுகிறது. காக்கை முட்டையிடும் 168-ஆம் பாடலே, இனி வரப்போகும் நன்மையைச் சொல்லும் ஒரே பாடல். நெய்தல் பூவைச் சிதைக்கும் 170-ஆம் பாடல் கண் பசந்ததில் முடிகிறது. எனினும் காக்கை உறங்கும் 163, உண்ணும் 165 ஆகிய இரண்டும் வளை இழப்பையே கூறுகின்றன. எனவே காக்கையின் செயலுக்கு நிலையான குறியீட்டுப் பொருள் இல்லை. மாறாத முதலடி, மாறும் செயலின் மேல் கவனத்தைக் குவிக்கிறது. ஒப்பீடு பாடல்களின் அடிகளை மட்டுமே கொண்டது. கூற்று விளக்கும் துறைக்குறிப்புகள் சான்றாகக் கொள்ளப்படவில்லை.”

கடைசி வாக்கியம் தேவையா என்று அவர் கேட்டார். தேவை. யார் யாரிடம் சொன்னது என்ற விவரம் பாட்டுக்குள் முழுதும் இல்லை. பாட்டோடு சேர்ந்துவரும் குறிப்பில்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டாரா விட்டாரா என்பதைப் பொறுத்து முடிவே மாறலாம். இலக்கிய ஆய்வில் ‘ஆய்வு முறை’ என்று தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எதைச் சான்றாக வைத்தோம், எதை விலக்கினோம் என்பதுதான் நம் ஆய்வு முறை. அதற்கு ஒரு வாக்கியம் போதும்.

சொல் எண்ணிப் பார்த்தால் நூறைக்கூடத் தொடவில்லை. மிச்ச இடத்தை நிரப்ப வேண்டாம் என்றேன். திறவுச்சொற்களில் இருந்த ‘தமிழ்’, ‘பண்பாடு’, ‘இயற்கை’ மூன்றையும் அவரே அடித்துவிட்டு, சிறுவெண்காக்கைப் பத்து, அம்மூவனார், மீள்வரும் அடி, உள்ளுறை என்று எழுதினார். இவற்றில் எதைத் தேடி வருகிறவருக்கும் இந்தக் கட்டுரை பயன்படும். அதன்பின் தலைப்பைப் பார்த்தோம். ‘ஐங்குறுநூற்றில் பறவைகள்’ என்றிருந்தது. இப்போது அது சுருக்கத்தோடு பொருந்தவில்லை. ‘சிறுவெண்காக்கைப் பத்தில் மாறாத அடியும் மாறும் செயலும்’ என்று மாற்றி அனுப்பினார்.