கொப்பியின் கடைசி நிரல்

புதிதாகச் சேரும் சுகாதாரத் தொண்டருக்கென எழுதப்படும் கைநூல்களில் பெரும்பாலும் ஒரு மாதிரிப் பக்கம் இருக்கும். வீட்டிலக்கம், குடும்பத் தலைவர் பெயர், போன திகதி, சொன்ன ஆலோசனை என்று நிரல்கள் ஓடும். தொண்டர் எங்கே போனார் என்பதை அந்தப் பக்கம் சொல்லும். எங்கே போகவில்லை, இனி என்றைக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லாது. தண்ணீரூற்றில் நாற்பது வீடுகளைப் பொறுப்பேற்கும் ஒருவர் மாத முடிவில் “முப்பத்திரண்டு வீடு பார்த்தேன்” என்று எழுதினால் கணக்கு நன்றாகத்தான் தெரியும். பச்சைக் குழந்தை உள்ள வீடு மிச்சம் எட்டுக்குள் இருந்தால் அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. இந்த நிரல்கள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனேன். தொண்டரின் கொப்பிக்கு இரண்டு பூர்வீகங்கள் இருப்பதும், நாம் அதில் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டதும் அப்போதுதான் விளங்கியது.

முதலாவது, எண்ணிக் கணக்குக் கொடுக்கும் வழி. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு குறித்த பரப்பு, அதற்குள் உள்ள குடும்பங்கள், அவற்றைத் தேடிப் போகும் மருத்துவமாது என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 1930களில் சீனாவின் டிங் சியான் மாவட்டத்தில் சென் சிச்சியான் என்ற மருத்துவர் விவசாயிகளுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்துக் கிராமச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார். பிறப்பையும் இறப்பையும் பதிவதும், அம்மைப்பால் குத்துவதும் அவர்களுடைய வேலைகளில் முக்கியமானவை. அதற்கு நியாயமான காரணம் உண்டு: எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன, எத்தனை இறக்கின்றன என்றே தெரியாத இடத்தில் வேறு எதையும் திட்டமிட முடியாது. ஆனால் அந்தப் பதிவு மேலிடத்துக்காக எழுதப்பட்டது. எழுதிய கைக்கு அது திரும்பி வந்து உதவ வேண்டும் என்ற தேவை அதில் இல்லை.

இரண்டாவது, எழுதியவரே பார்த்து முடிவெடுக்கும் வழி. 1950களின் இறுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் டேவிட் மோர்லி உருவாக்கிய வளர்ச்சி அட்டை பொலித்தீன் உறைக்குள் தாயிடமே இருந்தது. எடைக்கோடு கிடையாகப் போனால் அடுத்த மாதம் வரை காத்திருக்கக் கூடாது என்பதை அட்டையே காட்டிக் கொடுக்கும். நம்மிடம் உள்ள பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடும் தாயின் கையில்தான் இருக்கிறது. வன்னிக்கு இது வெறும் வசதி அல்ல. வீட்டையும் பணிமனையையும் ஒருசேர விட்டு ஓட நேர்ந்த மக்களுக்கு, அலுமாரியில் உள்ள பதிவேட்டைவிடத் தாயின் பையில் உள்ள அட்டைக்கே தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்று நான் காண்பது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் ஓரளவே படித்த பெண்களைப் பயிற்றி, பிறந்த குழந்தையைக் குறித்த நாள்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்கச் செய்தார்கள். பச்சிளஞ் சிசு மரணம் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 வீதம் குறைந்ததை 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அங்கும் முதலில் பிறப்பு, இறப்புகளைத்தான் எண்ணினார்கள். ஆனால் வீட்டுப் பதிவில் ஒவ்வொரு வருகைக்கும் நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தது. இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்குரிய 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள் வருகைகள் இந்த அனுபவத்திலிருந்து வந்தவை.

கட்சிரோலியில் பிரசவம் பெரும்பாலும் வீட்டில் நடந்தது, இங்கே வைத்தியசாலையில் நடக்கிறது, அதோடு மருத்துவமாதுவும் இருக்கிறாரே என்று கேட்கலாம். இரண்டும் உண்மை. ஊசி போடும் வேலையும் மருந்து கொடுக்கும் வேலையும் நம் தொண்டருக்கு வேண்டாம் என்பதற்கு அந்த வேறுபாடே போதும். ஆனால் பிரசவம் சிக்கலில்லாமல் முடிந்தால் தாயும் பிள்ளையும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். பால் குடிக்க மறுப்பது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறுவது, தொப்புள் சிவப்பது எல்லாம் பெரும்பாலும் அதன் பிறகுதான். இலங்கை முறைப்படி மருத்துவமாது முதல் ஐந்து நாளுக்குள் ஒருமுறை, ஆறுக்கும் பத்துக்கும் இடையில் ஒருமுறை, பிறகு 14 முதல் 21 நாளுக்குள், கடைசியாக 42ஆம் நாளையொட்டி வீட்டுக்குப் போக வேண்டும். அந்த நாள்களில் ஒரு வீடும் தவறிவிடாமல் பார்ப்பதே தொண்டரின் பங்கு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மே 3ஆம் திகதி மாஞ்சோலை வைத்தியசாலையில் ஒரு பிள்ளை பிறக்கிறது. பிறந்த நாளை முதல் நாளாகக் கொண்டால் முதல் வருகை மே 7க்குள், இரண்டாவது மே 8 முதல் 12 வரை, மூன்றாவது மே 16 முதல் 23 வரை, கடைசி ஜூன் 13ஐ ஒட்டி. கொப்பியில் கடைசியாக “அடுத்த நாள்” என்று ஒரு நிரல் சேர்த்து, பிறப்பைக் கேள்விப்பட்ட அன்றே இந்த நான்கையும் அதில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். “ஐந்தாம் நாள்” என்று எழுதி வைத்தால் ஒருவர் மூன்றாம் திகதியிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் நான்காம் திகதியிலிருந்து எண்ணுவார். மே 6இல் போனால் வீடு பூட்டு. தலைப்பிள்ளை என்பதால் தாய் தன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். இந்த இடத்தில் “ஆள் இல்லை” என்று எழுதுவது மிகச் சாதாரணமான பிழை, ஆபத்தான பிழையும் அதுதான். பக்கத்து வீட்டில் கேட்டு, எந்த ஊர், எந்தப் பகுதி, யாருடைய வீடு என்று எழுதி, அன்றே நம் மருத்துவமாதுவிடம் சொல்ல வேண்டும். அவர் அந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்வார். “சொன்னேன், மே 6” என்ற குறிப்பு விழுந்த பிறகுதான் அந்த வரி முடிந்ததாகக் கொள்ளலாம்.

மருத்துவமாதுவிடம் பதிவேடு இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். இன்னொரு பதிவேடு வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். எடை, இரத்த அழுத்தம், தடுப்பூசி எல்லாம் அவரிடமும் தாயின் அட்டையிலும் இருக்கின்றன. அவற்றைத் தொண்டர் பார்த்தெழுதினால் பிழைகள்தான் பெருகும். வீடு, காரணம், அடுத்த நாள் ஆகிய மூன்றும் போதும். மாதக் கணக்குக் கேட்டால் திகதிகளை எண்ணிச் சொல்லலாம். குறைவாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயர்ப் பட்டியலோடு வாசலில் நிற்பவரை ஐயத்தோடு பார்க்க இந்த மண்ணின் மக்களுக்குக் காரணம் இருக்கிறது. கரு கலைந்தது, வீட்டில் அடி விழுகிறது போன்றவை கொப்பியில் ஏறவே கூடாது. ஒரு புள்ளியை வைத்துவிட்டு விஷயத்தை மருத்துவமாதுவிடம் நேரில் சொன்னால் போதும்.

வழிகாட்டும் மூத்தவர் எதைப் பார்த்துத் திருத்துவது? பக்கம் முழுவதும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில் எழுதியிருந்தால் அது மாத முடிவில் உட்கார்ந்து நிரப்பியதாக இருக்கலாம். மூச்சு எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தால் இன்னும் நல்ல தடயம் கிடைக்கும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் மறுபடி எண்ண வேண்டும். மறுபடியும் அப்படியே இருந்தால் உடனே அனுப்ப வேண்டும். சிசுவின் மூச்சு சீராக ஓடாது, நின்று நின்று வரும். அதனால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். ஒருவர் எழுதிய எண்களெல்லாம் 44, 52, 48 என்று இரட்டைப்படையாகவே இருந்தால் அவர் அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கிறார் என்று ஐயப்படலாம். திட்டத் தேவையில்லை. அடுத்த வருகையில் பக்கத்தில் இருந்து சேர்ந்து எண்ணினால் சரியாகிவிடும்.

தொண்டர்கள் நிலைப்பதில்லையே என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இலங்கையின் தொண்டர் திட்டத்தைப் பற்றி ஜில் வால்ட், மர்டில் பெரேரா, கிறிஸ் ஹெகன்ஹோகன் ஆகியோர் 1989இல் எழுதிய ஆய்வும் விட்டுச் செல்வோர் அதிகம் என்பதைக் கண்டது. சம்பளமில்லாத வேலையில் இளம்பெண்கள் நீடிக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. போகிறவருடைய கொப்பி அடுத்தவருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே கைநூலின் கடைசிப் பக்கத்தை நான் ஒப்படைப்புக்கு ஒதுக்குவேன்: திகதி இன்னும் வராத வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, போகிறவரும் வருகிறவரும் ஒன்றாக நடந்து அந்த வாசல்களுக்குப் போக வேண்டும், தாய்வீட்டுக்குப் போனவளின் வரி எதுவென்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.