பட்டேல் நகரும் பாராகம்பாவும்

திங்கள் இரவு, ஆர்.கே.புரம்

மாடி வீட்டுப் பெரியம்மா மதியம் இரண்டு போட்டோ அனுப்பினார். ஒன்று, புது ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இன்னொன்று, பெட்டியில் வந்த கையேட்டின் முதல் பக்கம். அதில் ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தன. மகன் வெளியூரில். இணைப்புக் கொடுக்க வந்த பையன் இந்தியில் மளமளவென்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். "தமிழ்ல எழுதிக் குடும்மா, நானே பார்த்துப் போட்டுக்கறேன்" என்றார். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்ட அவருக்குத் தெரியும். சொல்லாகச் சேர்த்துப் படிக்கத்தான் வராது.

ஸ்டிக்கர் ஏறக்குறைய இப்படி இருந்தது (எண்களையும் எழுத்துகளையும் மாற்றி எழுதியிருக்கிறேன்):

```
SSID: HOME-3B8D
Password: pB7Td0lq
MAC: 00A1C43B8D10
Login: 192.168.1.1
Username: admin
```

மொழிபெயர்க்கும் முன் பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தேன். கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் தலைப்புகளுக்குப் பொருள் உண்டு, அவை தமிழாகலாம். 'நெட்வொர்க் பெயர்', 'பாஸ்வேர்டு', 'உள்ளே போக வேண்டிய முகவரி'. வலப்பக்கம் இருப்பவற்றில் கை வைக்கக் கூடாது. HOME என்பதைக் கண்டதும் 'வீடு' என்று எழுதக் கை துறுதுறுத்தது. ஆனால் பெரியம்மாவின் போனில் வரப்போகும் பட்டியலில் HOME-3B8D என்றுதான் இருக்கும், வீடு-3B8D என்று எதுவும் வராது. admin என்பதும் அப்படித்தான். 'நிர்வாகி' என்று தட்டினால் ரவுட்டர் கதவைத் திறக்காது.

கையேட்டில் மூன்றாவதாக ஒரு வகையும் இருந்தது. LOS, WPS, RESET. இவை பெட்டியின் உடம்பிலேயே அச்சாகியிருப்பவை. LOS என்பதை 'சிக்னல் இல்லை' என்று மட்டும் எழுதினால் அந்தத் தமிழைப் பெட்டி முழுக்கத் தேடி ஏமாந்துவிடுவார். அதனால் LOS என்று அப்படியே எழுதி, பக்கத்தில் 'இந்த விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கம்பியில் சிக்னல் வரவில்லை' என்று சேர்த்தேன்.

செவ்வாய்

நேற்று எழுதிக் கொடுத்த தாள் வேலை செய்யவில்லை. தவறு என்னுடையது.

"பிரவுசரில் 192.168.1.1-ஐத் தட்டி" என்று எழுதியிருந்தேன். பெரியம்மா கண்ணில் பட்டதை ஒழுங்காகத் தட்டினார், அந்தச் சிறு கோட்டையும் சேர்த்து. முகவரிக்குப் பதிலாகத் தேடல் பக்கம் வந்தது. பாஸ்வேர்டில் இன்னொன்று. வாக்கியம் முடிந்ததென்று q-க்குப் பிறகு நான் முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். எட்டு எழுத்து ஒன்பதாகிவிட்டது. வைஃபை பாஸ்வேர்டுக்குக் குறைந்தது எட்டு எழுத்து வேண்டும். ஏழு மட்டும் தட்டினால் பல போன்களில் 'இணை' பொத்தானே உயிர் பெறாது, ஒன்று விட்டுப்போனது அங்கேயே தெரிந்துவிடும். ஒன்று கூடினால் அந்த உதவி கிடைக்காது. பொத்தான் எரியும், அழுத்தலாம், சற்றுப் பொறுத்து 'தவறான பாஸ்வேர்டு' என்று வரும்.

ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்தத் தொல்லை குறைவு. தமிழில் ஐ, ஆல், கு, இல் என்று வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மொழிக்கு அது அழகு, குறியீட்டுக்கு ஆகாது. இன்று மறுபடி எழுதினேன். "பிரவுசரில் கீழே உள்ளதைத் தட்டவும்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டு, அடுத்த வரியில் முகவரியைத் தனியாக விட்டேன். முன்னால் மேற்கோள் குறி இல்லை, பின்னால் புள்ளி இல்லை.

புதன்

காலையில் அலுவலகத்துக்குப் போன் வந்தது. "திரும்பவும் தப்புன்னே சொல்லுதும்மா." தட்டியதைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

"பி, பி, ஏழு, டி, டி, சைபர், எல், க்யூ."

அவர் படித்ததில் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. p, B இரண்டும் தமிழ் வாயில் பி. T, d இரண்டும் டி. தமிழில் எழுதினாலும் அதே கதி, p, B இரண்டுக்கும் ஒரே ப, T, d இரண்டுக்கும் ஒரே ட. எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் தெளிவாக இருக்கும் என்று நேற்று நினைத்தேன். நல்லவேளை, செய்யவில்லை.

பெரியம்மா மெட்ரோவில் கோயிலுக்கும் கடைக்கும் போகிறவர், நிலையப் பலகைகளின் ஆங்கில எழுத்து அவர் கண்ணுக்குப் பழக்கம். அதைப் பிடித்துக்கொண்டேன். முதல் எழுத்து பட்டேல் நகரின் பி, ஆனால் சின்னது. இரண்டாவது பாராகம்பாவின் பி, பெரியது. டிக்கு முதலில் திலக் நகர், பெரியது. பிறகு துவாரகா, சின்னது. "இப்படிச் சொன்னா புரியுதே!" என்றார். பட்டேல் நகருக்குப் பதில் இரண்டு தடவையும் பாராகம்பாவையே தட்டியிருந்தார்.

சைபர் மிச்சம். அது பூஜ்யமா, O எழுத்தா? மாலையில் போய் ஸ்டிக்கரையே பார்த்தேன். இதற்கு விடை மேக் முகவரி வரியிலேயே இருக்கிறது. அதில் 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் மட்டுமே வரும், O எழுத்துக்கு இடமே கிடையாது. ஆகவே அங்கே ஒடுக்கமாக நிற்கும் வட்டம் நிச்சயமாகப் பூஜ்யம். பாஸ்வேர்டில் இருப்பதும் அதே ஒடுக்கம். அடுத்து நிற்கும் கோடு சின்ன எல்லா, பெரிய ஐயா என்பதை உருவத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் க்யூஆர் கட்டம் இருந்தது. உள்ளே இருப்பதை எழுத்தாகக் காட்டும் ஸ்கேனரில் படித்தேன்:

```
WIFI:T:WPA;S:HOME-3B8D;P:pB7Td0lq;;
```

P: என்பதற்கும் அரைப்புள்ளிக்கும் இடையில் இருப்பதுதான் பாஸ்வேர்டு. அதை நகலெடுத்து வேறொரு எழுத்துருவில் ஒட்டியதும் கோடு சின்ன எல் என்று தெரிந்தது. எட்டு மணிக்கு இணைப்புக் கிடைத்தது.

கிளம்பும்போது, ஸ்டிக்கரில் R- என்று தொடங்கும் எண்ணைக் காட்டி, "இது எதுக்கும்மா?" என்று கேட்டார். பி.ஐ.எஸ். பதிவு எண். தாளில் 'தட்டத் தேவையில்லை' என்று எழுதி வைத்தேன்.

சனி

ஸ்டிக்கர் போட்டோவைத் திங்கட்கிழமையே குடும்பக் குழுவிலும் போட்டிருக்கிறார் என்று இன்று தெரிந்தது. நாற்பது பேர் இருக்கும் குழு. போட்டோவை அழிக்கச் சொன்னேன். அழித்தாலும் யார் போனில் இறங்கியிருக்கிறதோ, ஆகையால் வைஃபை பாஸ்வேர்டையும் admin பாஸ்வேர்டையும் மாற்றினோம். இனி ஸ்டிக்கரில் இருப்பது பழையது. RESET துளையில் ஊசியை விட்டு அழுத்திப் பிடித்தால் மட்டும் அந்தப் பழையதே திரும்பி வரும். இதையும் தாளின் கடைசியில் சேர்த்தேன்.

"பேரையும் மாத்தலாமா? தமிழ்ல மீனாட்சி இல்லம்னு வை" என்றார். நெட்வொர்க் பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. மீனாட்சிக்கு 24, இல்லத்துக்கு 18, நடுவில் இடைவெளிக்கு ஒன்று. மொத்தம் 43, கொள்ளாது. பாஸ்வேர்டிலோ தமிழுக்கு இடமே இல்லை, விசைப்பலகையின் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் மட்டும்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு "நம் வீடு" என்றார். 22 பைட். அவருடைய ரவுட்டர் ஏற்றுக்கொண்டது.

போனைத் தூரப் பிடித்துப் பட்டியலைப் பார்த்தார். அக்கம்பக்கத்து ஆங்கிலப் பெயர்களுக்கு நடுவே அது இருந்தது. நேற்றுவரை தாளைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தவர், இந்தத் தடவை தாளை எடுக்கவில்லை.