பேட்டா யாருடைய காசு?

தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துணை ஆணையர் முன்பு நான் நடத்திய இழப்பீட்டு வழக்கு அது. தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரி 2017-இல் கவிழ்ந்து, 35 வயது டிரைவர் இறந்துபோனார். மாதச் சம்பளம் என்று அவருக்கு எதுவும் இல்லை. நடைக்கு 900 ரூபாய், வண்டியில் இருக்கும் நாளுக்கு 300 ரூபாய் பேட்டா, அவ்வளவுதான்.

தீபாவளி மாதத்தில் பன்னிரண்டு நடை போனதை நினைவில் வைத்து மனைவி கணக்குச் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. வண்டி எஃப்.சி.க்கு நின்ற மாதம் இரண்டே நடைதான். கடைசிப் பன்னிரண்டு மாதக் கூலியைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுக்கச் சொல்கிறது சட்டம். ஓனரிடமிருந்து நடைச் சீட்டுகளை வரவழைத்து எண்ணியபோது 96 நடை, 250 நாள். நடைக்கூலி மாதம் 7,200, பேட்டா 6,250.

பேட்டாவைக் கூலியில் சேர்க்கவே கூடாது என்றார் இன்சூரன்ஸ் வக்கீல். வேலையின் தன்மையால் ஏற்படும் தனிச்செலவுக்குக் கொடுக்கும் தொகை கூலி ஆகாது என்று சட்டம் சொல்வதும் உண்மைதான். ஆனால் அந்தச் சீட்டுகளிலேயே டீசல், டோல், ஏற்றுக்கூலி எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் தனியாக இருந்தது. பில் காட்டி மீதியைத் திருப்பவேண்டிய பணம் அது. பேட்டாவுக்கு யாரும் பில் கேட்டதில்லை. மிச்சமானால் அவர் காசு. பாஸ்புக்கில் ஒவ்வொரு நடை முடிந்ததும் வீட்டுக்குப் போட்ட தொகை நடைக்கூலியைத் தாண்டியே இருந்தது. "சாப்பாட்டுக்குன்னு குடுத்தாலும் வயித்தைக் கட்டித்தானே சார் அனுப்புவாரு" என்று மனைவி சாட்சி சொன்னார். அவர் வழியில் சாப்பிட்டதில் கொஞ்சம் கழியும்தான். ஆனால் வீட்டில் இருந்தாலும் மனிதன் சாப்பிடத்தானே செய்வான். கழிக்கவேண்டியது கூடுதல் செலவை மட்டுமே என்று வாதிட்டேன். பேட்டாவில் பாதியைக் கூலியாக ஏற்று, மாத வருமானம் 10,325 என்றார் ஆணையர்.

ஆனால் 2010 அறிவிக்கை மாதக் கூலிக்கு 8,000 ரூபாய் உச்சவரம்பு வைத்திருந்தது. அதற்கு மேல் எவ்வளவு நிரூபித்தாலும் கணக்கில் வராது. பாதிக் கூலியை வயதுக்குரிய 197.06-ஆல் பெருக்க, இழப்பீடு 7,88,240. பேட்டாவே இல்லாமல் 7,200-க்குக் கணக்கிட்டிருந்தால் 7,09,416. அத்தனை வாய்தாவும் குறுக்கு விசாரணையும் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்குக் கூட்டித் தந்தது 78,824 ரூபாய்.

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் இந்த உச்சவரம்பு இல்லையே, அங்கே போயிருக்கலாமே என்று மயிலாப்பூர் நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே இன்னொருவர் கவனக்குறைவைக் காட்டவேண்டும். இங்கே வண்டியை ஓட்டியவரே இறந்தவர், எதிரே வேறு வண்டியும் இல்லை.

2020 ஜனவரியில் உச்சவரம்பு 15,000 ஆனது. பேட்டா முழுவதையும் சேர்த்தாலும் அவருடைய 13,450 அதற்குள் அடங்கியிருக்கும். ஆனால் கணக்குக்கு எடுக்கப்படுவது விபத்து நடந்த தேதி.