எட்டும் ஒன்பதும்

மூன்று சமன்பாடுகளைக் காஸியன் நீக்கல் முறையில் தீர்ப்பவர் செலவை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த எண்ணிக்கையில்தான் பெரிய கணக்கின் விதி ஒளிந்திருக்கிறது.

பெருக்கலையும் வகுத்தலையும் மட்டும் எண்ணுவோம். இரண்டாம் நிரையின் முதல் உறுப்பை நீக்க, எத்தனை மடங்கைக் கழிப்பது என்றறிய ஒரு வகுத்தல் தேவை. அவ்வுறுப்பு சுழியாகும் என்பது முன்பே தெரியும். எஞ்சிய இரண்டு உறுப்புகளுக்கு மட்டும் இரண்டு பெருக்கல்கள். மூன்றாம் நிரைக்கும் இவ்வாறே மூன்று. அடுத்த படியில் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும். மொத்தம் 8. வலப்பக்க எண்களை மாற்றவும், பின்னோக்கிப் பிரதியிட்டு விடை காணவும் 9.

n சமன்பாடுகளுக்கு இவை முறையே (n³ − n)/3, n² ஆகின்றன. n = 3 எனில் நீக்கலே மலிவு. n = 10,000 எனில் நீக்கலுக்கு ஏறத்தாழ 33,333 கோடி; வலப்பக்கத்திற்கு வெறும் 10 கோடி.

மொழியியல் ஆய்வு மாணவி ஒருவர் பத்தாயிரம் சொற்களுக்கிடையேயான தொடர்பை ஓர் அணியாக்கி, ஆயிரம் பனுவல்களுக்கு ஆயிரம் வலப்பக்கங்களைத் தீர்க்க முனைந்தார். அணி ஒன்றே, வலப்பக்கம் மட்டுமே மாறியது. அவருடைய நிரலோ ஒவ்வொரு முறையும் நீக்கலை முதலிலிருந்தே செய்தது. நொடிக்கு 100 கோடிப் பெருக்கல் என்று கொண்டால், இதற்கு ஏறக்குறைய நான்கு நாள் ஆகும். ஆய்வுக்குழுவின் கூட்டத்திற்கு இரண்டே நாள் இருந்தது.

வேகமான கணினியைத் தேடிச் செல்லாமல், அவர் செலவை எண்ணினார். நீக்கலின்போது கிடைத்த மடங்குகளைச் சுழியான இடங்களிலேயே எழுதிவைத்தார். கூடுதல் நினைவகம் வேண்டியிருக்கவில்லை. நிரைகள் இடம் மாறிய வரிசையையும் குறித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வலப்பக்கத்திற்கும் 10 கோடிப் பெருக்கலே போதும். நீக்கலுக்கு 333 நொடி, ஆயிரம் தீர்வுகளுக்கு 100 நொடி: ஏழு நிமிடத்தைச் சற்றே தாண்டும் கணக்கு.

அணிப் பெருக்கலிலும் இதே பாடம். இரண்டு n × n அணிகளைப் பெருக்க n³ பெருக்கல்கள் ஆகும். அணியைத் திசையனால் பெருக்க n² மட்டுமே. எனவே (AB)x என்பதற்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல். A(Bx) என்பதற்கு 20 கோடி. விடை ஒன்றே, அடைப்புக்குறி இருக்கும் இடம் மட்டுமே வேறு.

எண்ணிக்கை, நேரத்தை முழுமையாகச் சொல்லிவிடாது. பத்துக் கோடி உறுப்புகளை நினைவகத்திலிருந்து கொண்டுவருவதற்கும் நேரம் பிடிக்கும். ஆயினும் அளவு இருமடங்கானால் n² நான்கு மடங்காகவும் n³ எட்டு மடங்காகவும் பெருகும். கணினியை இருமடங்கு விரைவாக்கினாலும் அந்த எட்டு நான்காகத்தான் குறையும்.