எந்தப் பள்ளி?

பெங்களூரின் பழைய கன்டோன்மென்ட் பகுதிக் குடும்பங்களில் புதிதாக ஒருவரை அறிமுகப்படுத்தினால், பெயருக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலும் எழுகிற கேள்வி ‘எந்தப் பள்ளி?’ என்பது. கல்லூரியை யாரும் அவ்வளவு ஆர்வத்தோடு கேட்பதில்லை. 1865இல் தொடங்கிய பிஷப் காட்டன், 1880இல் தொடங்கிய பால்ட்வின் போன்ற பெயர்கள் அங்கே ஊர்ப்பெயர் போலவும் குலப்பெயர் போலவும் புழங்குகின்றன. கேட்பவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இருக்காது. பொதுவான நண்பர் ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நல்லெண்ணமே இருக்கும். ஆயினும் அக்கேள்வியின் கூர்மை அது கேட்கும் வயதில் இருக்கிறது. கல்லூரி ஒருவர் தேர்வெழுதி அடைவது. பள்ளியோ அவருக்கு ஐந்து வயதாகும்போது பெற்றோரின் பணமும் மொழியும் பழக்கங்களும் தீர்மானித்துவிட்ட ஒன்று.

பள்ளிபாளையத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றிலிருந்து வந்து, இதே நகரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற ஒருவர், அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தார். காதல் திருமணம், இரு வீட்டாரின் சம்மதத்தோடு நடந்தது. அவருடைய ஆய்வு நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் மனைவியின் உறவினர்கள் மரியாதையாகத் தலையசைப்பார்கள். அடுத்த கேள்வி பள்ளியாக இருக்கும். ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்று அவர் சொன்னதும், ‘ஓ, நைஸ்’ என்ற சொல்லோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். யாரும் அவரை இழிவாக ஒரு சொல் சொன்னதில்லை. புகார் சொல்லவும் இடமில்லாத நிலைமை அது.

இவ்வுணர்வை ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால் பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978இல் எழுதிய கட்டுரையில் விவரித்தது வேறொன்று. அவர்கள் கவனித்தவர்கள் கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த சாதனை படைத்த பெண்கள். தங்கள் அறிவு மெய்யானதன்று, ஏதோ தற்செயலால் பிறரை ஏமாற்றி இவ்விடத்தை அடைந்துவிட்டோம் என்று அப்பெண்கள் நம்பினார்கள். சான்றுகள் அனைத்தும் அவர்கள் பக்கம் இருந்தன. நம்பிக்கை மட்டும் இல்லை. நம் ஆய்வாளருக்குத் தம் அறிவைப் பற்றி இந்த ஐயம் எதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவர் நிமிர்ந்து நிற்பவர். மாமனார் வீட்டு உணவு மேசையில்தான் அவருக்குத் தாம் வேடமிட்டிருப்பதாகத் தோன்றுகிறது. அங்கே அவருக்கு உண்மையாகவே ஒன்று இல்லை: கவலையற்ற இயல்பு. ஆகவே இதனைப் பொய்யான தாழ்வுணர்ச்சி என்று தேற்றிவிட இயலாது. இருக்கிற வேறுபாட்டைத்தான் அவர் உணர்கிறார்; அவ்வேறுபாட்டுக்கு யார் என்ன விலை வைத்தார்கள் என்பதே கேள்வி.

இயல்பு என்பது எப்போது கற்றோம் என்பதைப் பொறுத்தது. பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட ‘டிஸ்டிங்ஷன்’ நூலின் மையமான வாதங்களுள் இதுவும் ஒன்று. வீட்டில், கற்கிறோம் என்று அறியாமலே கற்ற பழக்கம் உடலில் படிந்துவிடுகிறது. பிற்பாடு முயன்று கற்றது, எவ்வளவு பிழையின்றி இருந்தாலும், கற்றதன் தடத்தைச் சுமந்தே இருக்கிறது. பூர்தியு தாமும் தென்மேற்குப் பிரான்சின் சிற்றூரில் ஓர் அஞ்சல் ஊழியரின் மகனாகப் பிறந்து பாரிசின் உயர்கல்வி உலகத்துக்குள் நுழைந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தடம் எப்படி வெளிப்படுகிறது என்பதை மொழியியல் இன்னும் துல்லியமாகக் காட்டியிருக்கிறது. வில்லியம் லபோவ் நியூயார்க் நகர ஆங்கிலத்தைப் பற்றி 1966இல் வெளியிட்ட ஆய்வில், சொற்களின் இறுதியில் வரும் ‘ர்’ ஒலியை எவ்வகுப்பினர் எவ்வளவு உச்சரிக்கிறார்கள் என்று அளந்தார். அங்கே அது மேன்மையின் அடையாளம். சாதாரணப் பேச்சில் மேல்நடுத்தர வகுப்பினரே அதனை மிகுதியாக உச்சரித்தனர். ஆனால் சொற்பட்டியலைக் கவனமாக வாசிக்கச் சொன்னபோது, கீழ்நடுத்தர வகுப்பினர் அவர்களையும் மிஞ்சிவிட்டனர். மேலே இருப்பவர்களைவிட அதிகச் ‘சரியாக’ப் பேசியதே அவர்கள் மேலே இருப்பவர்கள் அல்லர் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

நம் ஆய்வாளரின் ஆங்கிலமும் அவ்வாறானதே. எழுவாய், பயனிலை பிசகாமல் முழு வாக்கியங்களாகப் பேசுகிறார். மனைவியின் உறவினர்களோ பாதி வாக்கியத்தில் கன்னடத்துக்குத் தாவி, தமிழில் முடித்து, நடுவில் இலக்கணத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்களால் விட முடிகிறது. விருந்துக்கு அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு போகிறார். வீட்டுக்காரர் கசங்கிய குர்தாவோடும் ரப்பர் செருப்போடும் கதவைத் திறக்கிறார். முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு போன நாளில் எல்லோரும் பிரியாணியைக் கையால் உண்கிறார்கள். விதியை மீற உரிமை பெற்றவர்களின் நடுவே, விதியைக் கடைப்பிடிப்பவரே அந்நியராகிறார். ‘ஏன் இவ்வளவு ஃபார்மலாக இருக்கிறாய், இயல்பாக இரு’ என்று திரும்பும் வழியில் மனைவி அன்போடு சொல்கிறார். தண்ணீரிலேயே பிறந்த மீனுக்கு நீச்சல் என்று ஒரு கலை இருப்பது தெரிய நியாயமில்லை.

இதே இக்கட்டு நம் வரலாற்றில் நன்கு பதிவாகியிருக்கும் ஒரு வீடு உண்டு. அது அலகாபாத்தின் ஆனந்த பவன். கமலா கவுல் 1916 பிப்ரவரி 8 அன்று, வசந்த பஞ்சமி நாளில், ஜவாஹர்லால் நேருவை மணந்தபோது அவருக்கு வயது பதினாறு. கவுல் குடும்பம் ஏழைக் குடும்பமன்று. வசதியுள்ள பழைய தில்லிக் காஷ்மீரிப் பண்டிதர் குடும்பம். கமலா வீட்டிலேயே பண்டிதரிடமும் மௌல்வியிடமும் பாடம் கேட்டவர், ஆங்கிலம் அறியாதவர். மோதிலால் நேருவின் வீட்டிலோ மேலைநாட்டு முறையில் மேசை விருந்து, பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலேய ஆசிரியை, ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று வந்த மகன். மருமகளாகப் போகும் பெண்ணைத் திருமணத்துக்கு முன்பே அலகாபாத்துக்கு வரவழைத்து ஆங்கிலப் பழக்கவழக்கங்களைக் கற்பிக்க மோதிலால் ஏற்பாடு செய்தார். பெண் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்பும் தேர்வு முடியவில்லை என்பதே இதன் பொருள்.

அவ்வீட்டில் கமலா நாத்தனார் விஜயலட்சுமியின் ஏறத்தாழ சம வயதினர். ஒருவருக்கு அந்த மேசை பிறந்த வீடு, மற்றவருக்குத் தேர்வுக்கூடம். தாயார் அவ்வீட்டில் பட்ட மனக்காயங்களை இந்திரா பிற்காலத்தில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். கணவர் என்ன செய்தார்? பெரிதாக ஒன்றும் கவனிக்கவில்லை. 1944இல் அகமதுநகர் கோட்டைச் சிறையில் எழுதிய ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’வில் கமலாவுக்கென்றே சில பக்கங்களை ஒதுக்கி, தம் வேலைகளில் மூழ்கி அவரைப் புறக்கணித்ததை நேரு ஒப்புக்கொள்கிறார். கமலா லோசானில் காலமாகி அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இக்கதையில் ஆய்வாளர்கள் நின்று பார்க்கவேண்டிய இடம் 1920. ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் மோதிலால் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார்; வீட்டில் அந்நியத் துணி போய்க் கதர் வந்தது. அதுவரை மேன்மையாக எண்ணப்பட்ட நடையுடை சில மாதங்களில் சங்கடம் தரும் பழம்பொருளாயிற்று. கமலாவிடம் குறையாகக் காணப்பட்டவை குறையல்லாமல் போயின. 1930இல் ஆண்கள் சிறைக்குள் இருந்தபோது அலகாபாத்தில் அந்நியத் துணிக்கடை மறியலை நடத்திய முன்னணிப் பெண்களில் அவரும் ஒருவர். 1931 ஜனவரி முதல் நாள் கைதானார். அவர் பதினான்கு ஆண்டுகளில் மேசை நாகரிகம் தேறிவிட்டார் என்பதன்று இங்கே நடந்தது. மேசையே மாறிற்று. அப்போதும் வீட்டுக்குள்ளிருந்த சிறு அவமதிப்புகள் அனைத்தும் மறைந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. நாடு மாறுகிற வேகத்தில் உறவுகள் மாறுவதில்லை.

பெங்களூர் ஆய்வாளருக்கு அத்தகைய இயக்கம் எதுவும் கைகொடுக்க வரப்போவதில்லை. அவருக்கு மெய்யான சோதனை, தாயார் முதன்முறையாகச் சம்பந்தி வீட்டுக்கு வந்த அன்று நேர்ந்தது. முப்பது ஆண்டுகள் தார் சுற்றிய கைகள் அவருடையவை. பையில் முறுக்கும் எள்ளுருண்டையும் கொண்டுவந்திருந்தார். நாற்காலியைக் காட்டியபோது, “இருக்கட்டுங்க சம்பந்தியம்மா, நான் கீழயே உக்காந்துக்கறனுங்க, கால் வலிக்கு அதுதானுங்க தோது” என்றார். சொன்னதோடு உட்கார்ந்தும் விட்டார். அந்த ஒரு கணத்தில் மகன் தாயை அவ்வீட்டாரின் கண்களால் பார்த்தார். சேலையின் நிறம், குரலின் உரப்பு, தண்ணீரை அண்ணாந்து குடித்த விதம் அனைத்தும் அவருக்குத் தனித்தனியே தெரிந்தன. வெட்கம் வந்தது; அடுத்த நொடியே அந்த வெட்கத்தைப் பற்றிய வெட்கமும் வந்தது. மேசையில் தவறான கரண்டியை எடுத்தபோது வந்ததைவிட இது கொடியது. அங்கே அவர் தேர்வு எழுதுபவராக இருந்தார். இங்கே அவரையறியாமலே தேர்வாளராகிவிட்டார்.

தாயாருக்கோ எந்தத் தடுமாற்றமும் இல்லை. சம்பந்தியம்மாளிடம் காபிப்பொடியின் விலையைக் கேட்டார். பால்கனியில் துளசி ஏன் வாடியிருக்கிறது என்று சொல்லித் தந்தார். சற்று நேரத்தில் சம்பந்தியம்மாளும் தரையில் இறங்கி அமர்ந்து, தம் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கியிருந்தார். அவர்களில் ஒருவர் மற்றவரின் உலகத்துக்குள் நுழைய முயலவில்லை என்பதால் வேடத்துக்கே அங்கே வேலையில்லாமல் போயிற்று என்று தோன்றுகிறது. நுழைந்தே தீரவேண்டியவர் மகன்தான்.

பேருந்து நிலையத்தில் தாயைப் பேருந்தில் ஏற்றிவிடும்போது, “நீ என்ன சாமி அங்க பேசவே மாட்டீங்கற, ஒடம்புக்கு முடியலயா?” என்று அவர் கேட்டார். மகன் தலைவலி என்றார். உடன் நின்ற மனைவி ஒன்றும் சொல்லவில்லை. காரில் ஏறிய பிறகு, அன்றைக்கு முதன்முறையாக, ‘இயல்பாக இரு’ என்பதற்குப் பதிலாக அவர் ஒரு கேள்வி கேட்டார்: “எங்க வீட்டுல உனக்கு எது எது கஷ்டமா இருக்கு? ஒண்ணொண்ணா சொல்லு.” சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அப்பட்டியலுக்கு வேண்டிய நேரம் இருந்தது. அவர் பள்ளியிலிருந்து தொடங்கினார்.